நீல டிக் போட்டது யார்?

ஒட்டுக் கேட்கிறீர்கள் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பெரியவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். லைன் தெளிவாக இருக்கிறதா என்று நடுநடுவே காது கொடுத்துப் பார்ப்பது வேலையின் ஒரு பகுதி, அதற்குப் பெயர் கண்காணிப்பு என்பார். சரி, கண்காணிப்பு என்றே வைத்துக்கொள்வோம். லைன் தெளிவாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் கால் மணி நேரம் காதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள், அவருக்கு உடனே தண்ணீர் தாகம் எடுத்துவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்டதை அவர் வெளியே சொன்னதே இல்லை. ஊரில் பாதிப்பேர் காதலும் மீதிப்பேர் கடனும் அவர் காது வழியாகத்தான் போயின. ஒன்றையும் வாய் திறந்து சொன்னதில்லை, ஒரு லைனையும் வேண்டுமென்று துண்டித்ததில்லை. “நான் இருக்கிறதே அவங்களுக்குத் தெரியக்கூடாது. அதுதான்யா தொழில்!” என்று மார் தட்டுவார்.

இப்படிப்பட்ட மனிதரை ஓய்வு என்று சொல்லி வீட்டில் உட்கார வைத்தால் காது சும்மா இருக்குமா? அதுவும் அதட்டுவதற்கு ஆளில்லாத வீடு. மனைவி, மகளின் பிரசவத்துக்கு உதவியாகப் போய் இரண்டு மாதம் ஆகிறது. மகன் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். பகலெல்லாம் வீட்டில் இரண்டே பேர், பெரியவரும் மருமகளும். மருமகளுக்கோ தலை நிமிர நேரம் கிடையாது. முன்னறையில் தையல் மெஷின், சாப்பாட்டு மேஜை மேல் துணிகள், அதன் மேல் கத்தரி, நாடா, சாக்கட்டி. சோபாவுக்கு உறை, நாற்காலிக்கு உறை, மெத்தைக்கு உறை, ஜன்னலுக்குத் திரை. அளவு கொடுத்தால் எதற்கு வேண்டுமானாலும் சட்டை தைத்து மாட்டிவிடுவாள்.

கடை என்று தனியாக ஒன்றும் கிடையாது, வாட்ஸப்தான் கடை. பிசினஸ் கணக்கு திறந்து அதில் கேட்டலாக் போட்டிருந்தாள். ஒவ்வொரு உறைக்கும் படம், விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்ற விவரம் எல்லாம் இருக்கும். வேண்டியதை வாடிக்கையாளர்கள் கூடையில் போட்டு அனுப்புவார்கள். அது ஒரு செய்தியாக வந்து நிற்கும். திறந்தால் எத்தனை உருப்படி, மொத்தம் எவ்வளவு என்று பார்க்கலாம். அளவைக் கேட்டு வாங்குவாள், பாதிப் பணம் கணக்கில் ஏறியதும் துணியை வெட்டுவாள். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கி ஐந்து மாதம் ஆகிறது.

படங்களைப் பெரிய திரையில் பார்த்து ஏற்ற வசதியாக இருக்குமே என்று, ஆரம்பத்திலேயே மகன் அந்தக் கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இணைத்துக் கொடுத்திருந்தான். கம்ப்யூட்டர் இருந்தது பெரியவரின் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில். மருமகள் இரண்டு நாள் உட்கார்ந்து படங்களை ஏற்றினாள், எழுந்து போனாள், அப்புறம் அதை மறந்தே போனாள். பெரியவர் மறக்கவில்லை. மனைவி ஊருக்குப் போன பிறகு அதன் முன்னால் உட்கார ஆரம்பித்தார்.

அவருக்கு அது பழைய சுவிட்ச்போர்டு மாதிரியே தெரிந்தது. முன்னறையில் மெயின் லைன், இங்கே எக்ஸ்டென்ஷன். எக்ஸ்டென்ஷனில் மூச்சு விடாமல் ரிசீவரை எடுத்தால் மெயினில் பேசுகிறவருக்குத் தெரியவா போகிறது? தெரியாது. பெரியவரின் கணக்கு அவ்வளவுதான். கணக்கு எவ்வளவு தப்பு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆகா, என்னென்ன நாடகம்! ஓர் அம்மாவுக்குத் தன் பூனையின் நிறத்திலேயே சோபா உறை வேண்டும், ரோமம் ஒட்டினாலும் தெரியக்கூடாதாம். பூனையைப் பதினோரு கோணத்தில் படம் எடுத்து அனுப்பினாள். இன்னொருவர் சாய்வு நாற்காலிக்கு அளவு கேட்டால் தன் இடுப்பளவைக் கொடுத்தார். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி நம்பரிலிருந்து ஒரே ஜன்னலுக்குத் திரை கேட்டார்கள். அவருக்குச் சாம்பல் நிறம், அவளுக்கு மஞ்சள். இருவருமே, ‘வீட்டில் சொல்லாதீர்கள், திடீரென்று மாட்டி அசத்தப் போகிறேன்’ என்று எழுதியிருந்தார்கள். முகவரி ஒன்றுதான் என்று கண்டுபிடித்த அன்று பெரியவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்.

இரண்டு வாரம் இப்படியே போயிருக்கும். அப்புறம் திட்டு வர ஆரம்பித்தது.

முதலில் பூனை அம்மா போன் செய்தாள். முன்னறையில் ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது. “மெசேஜைப் பார்க்கறீங்க, நீல டிக் விழுது, பதில் மட்டும் வரல. எங்களை என்னன்னு நெனச்சீங்க? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“இல்லம்மா, நான் பார்க்கவே இல்லையே...”

“பார்க்காமதான் டிக் விழுந்துச்சா?”

ஆர்டர் போய்விட்டது. மறுநாள் மஞ்சள் திரைக்காரியும் அதையே சொன்னாள். மூன்றாவதாக இடுப்பளவுக்காரர். ‘படித்துவிட்டுப் பதில் சொல்லாத கடை’ என்று யாரோ ஒரு குரூப்பில் போட்டு, அதை யாரோ மருமகளுக்கே அனுப்பிவைத்தார்கள். நல்ல மனசுக்காரர்கள்!

மருமகள் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். ‘தையலில் இருக்கிறேன், மாலைக்குள் பதில் சொல்கிறேன்’ என்று தானாகவே போகும் செய்தியை வைத்தாள். அது போதாத காலம், வினையாக முடிந்தது. இப்போது வாக்குறுதியும் போனது, நீல டிக்கும் விழுந்தது, பதில் மட்டும் போகவில்லை. புது ஆர்டர், பணம் வரணும், பணம் வந்தாச்சு, கொடுத்தாச்சு என்று லேபிள்கள் போட்டு உரையாடல்களைப் பிரித்தாள். அரை மணிக்கு ஒரு தரம் மெஷினை நிறுத்திவிட்டு, ‘படிக்காதவை’ என்பதை அழுத்தி, பச்சை வட்டத்தில் எண் இருப்பதையெல்லாம் பார்த்துப் பதில் போட்டாள். அப்படியும் தினம் ஒன்று இரண்டு நழுவிக்கொண்டே இருந்தது.

“போன் சரியில்லையோ என்னமோம்மா,” என்றார் பெரியவர், ரொம்ப அக்கறையாக.

“போனைக் கடைல காட்டிட்டேன் மாமா. நல்லாத்தான் இருக்காம்.” அவள் கையிலிருந்த சாக்கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்கம்மாவுக்கு ஐம்பத்தஞ்சு வயசுலயே ஞாபகம் போச்சு, தெரியும்ல? முதல்ல இப்படித்தான் ஆரம்பிச்சுது. படிச்ச லெட்டரைப் படிக்கலன்னு சொல்லுவாங்க.”

“சேச்சே, என்ன பேச்சு இது!” என்றார் பெரியவர். சொன்னாரே ஒழிய, நெஞ்சில் எதுவோ நெருடியது.

புதன்கிழமை காலை போன் சாப்பாட்டு மேஜையில் சார்ஜில் கிடந்தது. தண்ணீர் குடிக்க வந்த பெரியவரின் கண்ணில் திரை பட்டது. ஒரு பெயருக்குப் பக்கத்தில் பச்சை வட்டம், உள்ளே மூன்று.

“அம்மா, மெசேஜ் வந்திருக்கு போல.”

“இந்தத் துண்டை முடிச்சிட்டுப் பார்க்கிறேன் மாமா.”

அந்தத் துண்டு முடிகிற வரைக்கும் பொறுத்திருக்கலாம் அல்லவா? மனிதருக்குக் கை அரித்தது. அறைக்குப் போனார், எக்ஸ்டென்ஷனில் அதைத் திறந்தார், படித்தார். ஏதோ நாற்காலி விஷயம், சுவாரஸ்யமே இல்லை. சலித்துக்கொண்டு திரும்பி வந்தபோது மருமகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“எங்க மாமா? படிக்காததுன்னு ஒண்ணுமே காட்டலயே?”

பெரியவர் எட்டிப் பார்த்தார். பச்சை வட்டத்தைக் காணோம். மூன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. அடப் பாவி மனுஷா! எக்ஸ்டென்ஷனில் படித்தால் மெயினில் அழிந்துவிடுகிறதே! இங்கே திறந்தாலும் படித்ததாகத்தான் கணக்கு. அந்தப் பக்கம் நீல டிக் விழுகிறது, இந்தப் பக்கம் பச்சை வட்டம் போய்விடுகிறது. நழுவிய ஆர்டர் ஒவ்வொன்றையும் நழுவ விட்டது யார் என்று இதற்கு மேல் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. வந்ததைச் சொல்லாமல், “என் கண்ணாடி பழசு, தப்பாப் பார்த்திருப்பேன்,” என்றார்.

“இல்ல மாமா.” மருமகள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். “சார்ஜ்ல போடும்போது நானும் பார்த்த மாதிரிதான் இருந்துச்சு.” அங்கிருந்தே நரம்பு டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டாள். சனிக்கிழமை பத்து மணிக்கு இடம் கிடைத்தது. “அவர்கிட்ட சொல்லாதீங்க மாமா, பயந்துடுவாரு. டாக்டர் ஏதாவது சொன்னா எல்லாத்தையும் கட்டி வச்சிட்டு ஆபீஸுக்கே போயிடுறேன். அங்கயாவது நாலு பேர் ஞாபகப்படுத்துவாங்க.”

பெரியவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இறங்காத சாப்பாட்டோடு அவர் என்ன செய்தார்? ஒப்புக்கொண்டாரா? அதுதான் இல்லை. தப்பைத் திருத்தாமல் தடயத்தைத் திருத்தக் கிளம்பினார். கம்ப்யூட்டரில் அங்கே இங்கே அழுத்திப் பார்த்ததில் ஒரு வழி அகப்பட்டது. உரையாடலின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால், ‘படிக்காததாகக் குறி’ என்று ஒன்று வருகிறது. அதைத் தட்டினால் பச்சைப் புள்ளி திரும்ப வந்து உட்காருகிறது, முன்னறைப் போனிலும்தான். எண் வராது, புள்ளி மட்டும். போதாதா? படிக்கிறது, குறிக்கிறது. படிக்கிறது, குறிக்கிறது. இரண்டு மணி நேரம் இப்படி ஓட்டினார். ஒன்றுகூட நழுவவில்லை. நம்மையும் யாராவது மிஞ்ச முடியுமா என்று மீசையைக்கூடத் தடவிக்கொண்டார்.

ஆனால் ஒரு விஷயம் பாருங்கள். நீல டிக் விழுந்தது விழுந்ததுதான், எந்தக் குறி போட்டாலும் அது திரும்பாது. அதோடு, குறிக்க வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய ஆளுக்கு வயது அறுபத்தெட்டு.

புதன் மாலை மழலையர் பள்ளியின் தலைமை டீச்சரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. குழந்தைகள் மத்தியானம் படுத்துத் தூங்கும் மெத்தைகளுக்கு நாற்பது உறை. நீலம் இருபது, பச்சை இருபது என்று கேட்டலாக்கிலிருந்து கூடையில் போட்டு அனுப்பியிருந்தார். கீழே இரண்டு வரி: ‘நாளை பன்னிரண்டு மணிக்குக் கமிட்டியில் சொல்ல வேண்டும். அதற்குள் உறுதி செய்து, முன்பணம் எவ்வளவு, எந்தக் கணக்கு என்று அனுப்புங்கள். இல்லையென்றால் கடையில் வாங்கிக்கொள்கிறோம்.’

நாற்பது உறை! ஐந்து மாதத்தில் இவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததே இல்லை. பெரியவர் மகிழ்ந்துபோய் இரண்டு தரம் படித்தார். குறி போடக் கையை வைத்த நேரம் பார்த்து மனைவியின் போன் வந்தது.

“என்ன பண்ணிட்டிருக்கீங்க?”

“ஒண்ணும் இல்லையே! சும்மாதான்! உட்கார்ந்திருக்கேன்!”

“ஏன் கத்துறீங்க? ஏதோ திருட்டு வேலை பண்றீங்க போல இருக்கே.”

நாற்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியவளின் காது அது. பெரியவர் பதறிப்போய்த் திரையை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். பேசி முடித்தபோது டீச்சரின் செய்தி அவருக்கு மறந்து போயிருந்தது.

மறுநாள் வியாழன். மருமகள் துணி எடுக்க மொத்த வியாபாரக் கடைத் தெருவுக்குப் போய்விட்டாள். பெரியவர் பத்திரிகை படித்து, குளித்து, சாவகாசமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது மணி பதினொன்று நாற்பது. இரவு வந்த செய்திகளுக்கு அடியில் டீச்சரின் உரையாடல் எங்கோ கீழே கிடந்தது. பச்சைப் புள்ளி இல்லை. பதிலும் இல்லை.

போச்சுடா!

இப்போது குறி போட்டு என்ன பயன்? அவள் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் நிற்பாள், போன் பைக்குள் கிடக்கும். பெரியவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் செய்யாத காரியம் ஒன்று உண்டு, ஊரார் பேச்சுக்கு நடுவில் வாயைத் திறப்பது. இன்றைக்குத் திறப்பது என்று முடிவு செய்தார்.

மருமகள் அடிக்கடி சொல்ல வேண்டிய பதில்களைத் தயாராக எழுதி வைத்திருப்பது அவருக்குத் தெரியும். ஒரு சாய்கோடு தட்டினால் பட்டியல் விரியும், அதிலிருந்து ஒன்றை எடுத்தால் முழுப் பதிலும் வந்து விழும். சாய்கோடு தட்டினார். பட்டியல் விரிந்தது. வணக்கம், அளவு எடுக்கும் முறை, பணம் அனுப்பும் விவரம், பணம் கிடைத்தது. மூன்றாவதுதான் அவருக்கு வேண்டியது. அவசரத்தில் அம்புக்குறி ஒரு படி கூட இறங்கிவிட்டது. ஒரு தட்டு தட்டினார், எழுத்து பெட்டிக்குள் வந்தது. என்ன வந்தது என்று படிக்காமல் இன்னொரு தட்டு தட்டினார், அது போய்விட்டது.

‘உங்கள் பணம் கிடைத்தது, மிக்க நன்றி! இன்றே தையல் ஆரம்பமாகிறது.’

டீச்சர் உடனே எழுதினார். ‘நான் இன்னும் பணமே அனுப்பவில்லையே. யார் பணம் கிடைத்தது?’

பெரியவர் பட்டியலை மறுபடி விரித்தார். இதற்கு என்ன பதில் சொல்வது? பட்டியலில் இதற்கு ஒன்றும் இல்லை. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார். பதற்றத்தில் கைக்கு வந்தது பழைய வேலைதான்.

‘லைனில் இருங்கள்.’

‘?’ என்றார் டீச்சர்.

‘இணைப்பு கொடுக்கிறேன். தயவுசெய்து துண்டிக்காதீர்கள்.’

‘இது போன் இல்லை. நீங்கள் யார்? பணம் வராமலே வந்துவிட்டது என்று சொல்கிற கடைக்கு நான் எப்படிப் பணம் அனுப்புவது?’

மணி பதினொன்று நாற்பத்தாறு. இனி ஒரே வழிதான். பெரியவர் தன் பட்டன் போனை எடுத்து மருமகளைக் கூப்பிட்டார். முதல் தரம் எடுக்கவில்லை. இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாம் தரம் பின்னால் பேரம் பேசும் இரைச்சலோடு, “என்ன மாமா? உடம்பு ஏதும் முடியலயா?” என்றாள்.

முதல் கேள்வியே அவரைப் பற்றித்தான்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. புத்திதான் சரியில்ல. நடுவுல பேசாத, கேளு. மழலையர் பள்ளி டீச்சர் நாற்பது உறை கேட்டிருக்காங்க, பன்னெண்டு மணிக்குள்ள பதில் சொல்லணும். நேத்தே வந்துச்சு. நான் படிச்சிட்டேன்.”

“நீங்க எப்படிப் படிச்சீங்க?”

“கம்ப்யூட்டர்ல. ரெண்டு மாசமாப் படிக்கிறேன். எல்லாத்தையும். நான் திறந்தா உன் போன்ல பச்சை வட்டம் போயிடுதும்மா. உனக்கு மறதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான்தான்.”

அந்தப் பக்கம் பேரம் பேசும் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனையோ பேர் பேச்சை மூச்சு விடாமல் கேட்டவர், அந்த ஒரு மௌனத்தைக் கேட்க முடியாமல் தவித்தார்.

“அம்மா? லைன்ல இருக்கியா?”

“வைங்க மாமா,” என்றாள்.

பெரியவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் கழித்து அவர் தட்டாமலே ஒரு பதில் வந்து விழுந்தது. கடைத்தெருவில் நின்றபடி அவள் அனுப்பியது இங்கே தெரிந்தது.

‘மன்னிக்கவும் டீச்சர், முந்தைய செய்தி தவறாக வந்துவிட்டது. உங்கள் பணம் எதுவும் வரவில்லை. நீலம் இருபது, பச்சை இருபது, மொத்தம் நாற்பது, சரிதானே? பத்து நாளில் தருகிறேன். பாதி முன்பணம். கணக்கு விவரம் கீழே. பணம் என் கணக்கில் ஏறியதும் நானே உறுதி செய்வேன், அதற்கு முன் வருகிற எந்த உறுதியையும் நம்ப வேண்டாம்.’

‘சரி. என்னை லைனில் இருக்கச் சொன்னது யார்?’

‘என் மாமனார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். என் மெசேஜ் எல்லாவற்றையும் படிக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது.’

அப்புறம் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. ‘என் அப்பா தபால்காரர். ஊரில் ஒரு போஸ்ட்கார்டையும் விட்டதில்லை,’ என்று எழுதினார் டீச்சர். இரண்டு நிமிஷத்தில் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் வந்தது.

பெரியவர் துள்ளினார். வந்துவிட்டது! நன்றி சொல்லு, சீக்கிரம் சொல்லு! மருமகள் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் போனது, இரண்டு போனது. என்ன இந்தப் பெண், மரியாதை தெரியாதவளாக இருக்கிறாளே என்று அவர் கை தானாகவே சாய்கோட்டை நோக்கிப் போனது. அப்போதுதான் படத்தை உற்றுப் பார்த்தார். பச்சையாக ‘முடிந்தது’ என்று இருக்கவேண்டிய இடத்தில், மஞ்சளாக ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்று இருந்தது. மெஷினுக்கு மேல் சுவரில், ‘ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது, பேங்கைப் பார்’ என்று அவள் எதற்கு எழுதி ஒட்டியிருக்கிறாள் என்று இப்போது புரிந்தது. விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். நாலாவது நிமிஷம், ‘பணம் கிடைத்தது’ என்ற பதில் அவளிடமிருந்தே போனது. உரையாடலின் மேல் ‘பணம் வந்தாச்சு’ லேபிள் ஏறியது. மணி பதினொன்று ஐம்பத்தேழு.

‘கமிட்டியில் சொல்லிவிடுகிறேன். லைனைத் துண்டிக்கலாம்,’ என்றார் டீச்சர்.

பெரியவர் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்த மறு நொடி, பட்டியலின் உச்சியில் புதிதாக ஒன்று முளைத்தது. அவள் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்புப் பெட்டி. துணிக்கணக்கு எழுதும் இடம்.

‘மாமா, இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கீங்கன்னு தெரியும். எந்திரிங்க.’

பெரியவர் சுடுபட்டவர் போல எழுந்தார். எழுந்து நின்றபடி படித்தார். திரை ஒரு தரம் வெளுத்தது. உரையாடல்கள் எல்லாம் போய், இணைப்பதற்கான கறுப்புக் கட்டம் போட்ட சதுரம் மட்டும் நின்றது. போனிலிருந்தே எக்ஸ்டென்ஷனைத் துண்டித்துவிட்டாள்.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. பெரியவர் கூடத்தில், தண்டனைக்கு நிற்கிற பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்வது, மகள் வீட்டுக்குப் போகச் சொன்னால் போய்விடுவது என்று பைகூட எடுத்து வைத்தாயிற்று. மருமகள் துணிக்கட்டைக் கீழே வைத்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பூனை சோபா?” என்றாள்.

“நான்தாம்மா.”

“மஞ்சள் ஜன்னல் திரை?”

“நான்தான்.”

“அந்த இடுப்பளவு சார் ரெண்டு தரம் அனுப்பினேன்னு சண்டை போட்டாரே?”

“ரெண்டு தரமும் நான்தான்.”

“போன மாசம் ஆறு தலையணை? தொட்டில் மெத்தை? நேத்து சார்ஜ்ல இருந்த மூணு?”

“நான். நான். அதுவும் நான்.”

திட்டு வரும் என்று பெரியவர் குனிந்தே இருந்தார். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவள் முகத்திலிருந்து பாரம் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே வந்தது. கேட்டுக்கொண்டே போனாள். அவர் ஒப்புக்கொள்ள ஒப்புக்கொள்ள அவள் கண் நிறைந்தது, உதடு சிரித்தது.

“திங்கட்கிழமை பால் பாக்கெட்டை பீரோல வச்சது?” என்று கடைசியாகக் கேட்டாள்.

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். இதையும் தன் தலையில் போட்டுக்கொண்டால் என்ன என்று ஆசை வந்தது. இனிப் பொய் ஒன்று வேண்டாம் என்று தோன்றியது. “அது நீதாம்மா. ஆனா நான் ஒரு தரம் ஹெட்ஃபோனோட பஸ் ஏறியிருக்கேன்.”

அவள் துணிக்கட்டின் மேலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். “ராத்திரி எல்லாம் தூக்கமில்ல மாமா. ஒவ்வொரு மெசேஜா எடுத்து வச்சிக்கிட்டு, இதைப் பார்த்தேனா பார்க்கலையான்னு எனக்கு நானே பரீட்சை வச்சிக்கிட்டேன். பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க.”

இந்தத் தடவை பெரியவருக்குத் தண்ணீர் தாகம்கூட எடுக்கவில்லை. “தப்பும்மா,” என்றார். “பெரிய தப்பு.”

“பெரிசுதான்,” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கிளினிக்கைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரை அவளே போட்டாள், அவர் கேட்கட்டும் என்று.

“சனிக்கிழமை பத்து மணி, ஞாபக மறதின்னு போட்டிருந்தேன். கேன்சல் பண்ணிடுங்க.”

“ஏன் மேடம், சரியாயிடுச்சா?” என்றாள் அங்கே இருந்த பெண்.

“என்ன நோய்னு கண்டுபிடிச்சாச்சு,” என்றாள் மருமகள், பெரியவரைப் பார்த்துக்கொண்டே. “அறுபத்தெட்டு வயசு. என் வீட்லதான் சாப்பிடுது.”